காக்கா ஓட்டினால் முக்கால் புள்ளி

தை மாதம் சம்பா அறுப்பு முடிந்தால், உளுந்து பறிப்பு வரும்வரை எங்கள் ஊரில் பெண்களுக்குக் கூலி வேலை குறைவு. பாபநாசம் பக்கத்து ஊர். அந்த இடைவெளியில்தான் எங்கள் மகளிர் குழு அரிசி வடாம் போட ஆரம்பித்தது. குழுவில் 12 பேர், வடாமுக்கு வந்தது 8 பேர். கணக்கு நோட்டு என்னிடம்.

முதல் வருஷம் குழுச் சேமிப்பிலிருந்தே எடுத்து அரிசி வாங்கினோம். "நஷ்டம் வந்தா எங்க காசும்தானே போகும்?" என்று வடாமுக்கு வராத நால்வரும் கேட்டார்கள். நியாயம்தான். மறு வருஷம் எட்டுப் பேரும் சேர்ந்து குழுவிடமே 15,000 ரூபாய் கடனாக வாங்கினோம், மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. வடாமுக்குத் தனி நோட்டு, தனி டப்பா.

அதைவிடப் பெரிய சண்டை பங்கில் வந்தது. முதலில் சமமாகப் பிரித்தோம். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்படியில் நின்று கூழ் கிண்டியவருக்கும், எட்டு மணிக்கு மேல் வந்தவருக்கும் ஒரே தொகை. கிண்டுகிற தெற்குத்தெரு அக்கா ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த வாரம் வரவில்லை. அவ்வளவுதான். பிறகு வந்த நாளைக் கணக்கிட்டோம். வேலை மெதுவாக நடந்தது. நாள் கூடினால் காசு கூடும் என்றால் யார் அவசரப்படுவார்கள்?

கடைசியில் நின்றது புள்ளிக் கணக்கு. ஒரு மணி நேரம் பிழிதல், உரித்துத் திருப்பிப் போடுதல், பாக்கெட் போடுதல் எல்லாவற்றுக்கும் 1 புள்ளி. கூழ் கிண்டினால் ஒன்றரை. காக்கா ஓட்ட அரைப் புள்ளி என்று வைத்திருந்தோம். எங்கள் பெரியம்மா, "மத்தியான வெயில்ல மாடியில ஒரு மணி நேரம் உக்காந்து பாருடி, அப்புறம் அரைன்னு சொல்லு" என்றார். நான் உட்கார்ந்து பார்த்தேன். முக்கால் ஆக்கினோம்.

கணக்கில் வராமல் போன வேலைகளும் இருந்தன. இரவில் வீட்டில் அரிசி ஊறப்போட்டு அரைப்பது, வடாம் பிழிந்த வேட்டிகளைத் துவைப்பது. இவற்றைத் தினமும் செய்தது ஒரே ஆள் என்பது எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இவற்றுக்கும் மணிக்கு 1 புள்ளி வைத்தோம். நோட்டு எழுதுவதற்குப் புள்ளி கேட்க எனக்குக் கூச்சம். அதே தெற்குத்தெரு அக்காதான் எனக்காகக் கேட்டார்.

புள்ளிகளை நோட்டில் மட்டும் எழுதினால் சந்தேகம் வரும். அதனால் மாடிப்படிச் சுவரில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை, வேலைக்கு ஒரு கட்டம், மணிக்கு ஒரு சாக்பீஸ் கோடு. எழுத்து தெரியாத இரண்டு பேர் பெயருக்குப் பதில் பூவும் விளக்கும் வரைந்துகொண்டார்கள். சனிக்கிழமை எல்லார் முன்னாலும் எண்ணி, நோட்டில் ஏற்றிவிட்டு அழிப்போம்.

போன மாசி, பங்குனிக் கணக்கு இது. கால் கிலோ பாக்கெட் 400, ஒன்று 80 ரூபாய், ஆக 32,000. அரிசி, ஜவ்வரிசி, மிளகாய், சீரகம், விறகு, அரவை, கவர், வண்டிச் சத்தம், வட்டி எல்லாம் சேர்த்து 14,400 போனது. விற்பனைக்கு அலைந்த இரண்டு பேருக்கு விற்றதில் நூற்றுக்கு ஐந்து, அதாவது 1,600. அடுத்த முறைக்கு முதலாக 1,600 ஒதுக்கினோம். மிச்சம் 14,400. மொத்தப் புள்ளி 360, ஆகவே ஒரு புள்ளிக்கு 40 ரூபாய். தெற்குத்தெரு அக்காவுக்கு 62 புள்ளி, 2,480 ரூபாய். கைக்குழந்தையோடு இருந்த தங்கச்சிக்கு 28 புள்ளி, 1,120. சமப் பங்கு என்றால் இருவருக்கும் 1,800 வந்திருக்கும். தங்கச்சிக்கு முகம் வாடியது உண்மை. ஆனால் சுவரில் இருந்த கோடுகளை அவளே எண்ணியிருந்தாள்.

கடைக்காரர் காசு கொடுக்கும்வரை பிரிப்பதில்லை என்பதும் பட்டுக் கற்றது. ஒரு கடையில் 60 பாக்கெட்டுக்கு இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். அதற்குள் பங்கு கொடுத்துவிட்டதால் அடுத்த அரிசிக்குக் காசில்லை. இப்போது கையில் வந்த பணத்தில் முதலில் செலவை எடுப்போம், பிறகுதான் புள்ளி.

பங்குனியில் ஒருநாள் திடீர் மழை. ஒரு வேட்டி வடாம் முழுக்க நனைந்தது. வெளியே காய்ந்தது போலிருந்தும் ஒடித்தால் 'டக்' என்று உடையவில்லை, வளைந்தது. இரண்டு நாளில் சாம்பல் புள்ளி பூத்தது. கொட்டிவிட்டோம். அன்றைக்கு உழைத்த புள்ளிகளை வெட்டவில்லை; நஷ்டத்தைப் பொதுச் செலவில் சேர்த்தோம். காவல் இருந்த பெரியம்மா தன் புள்ளியை எடுத்துவிடச் சொன்னார், நாங்கள் கேட்கவில்லை.

இந்த வருஷம் மோர் மிளகாயும் போடலாம் என்று பேச்சு. மிளகாய் கீறினால் கை எரிச்சல் இரவு வரைக்கும் போகாது. அதற்கு ஒன்றேகாலா, ஒன்றரையா என்று இரண்டு சனிக்கிழமையாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.