கூரையை அளவுகோலாகக் கொள்ளாதிருத்தல்

கணினி தானாக உருவாக்கித் தரும் முப்பரிமாண அறைகளைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு விவரிப்பையோ ஒரு படத்தையோ உள்ளிட்டால் சுவர், கதவு, மேசை, நாற்காலி எல்லாம் சேர்ந்த முழு அறையும் ஒரே கோப்பாக வந்துவிடுகிறது. அந்த அறைக்குள் ஒருவர் தலை இடிக்காமல் நுழையவும், முழங்கால் முட்டாமல் உட்காரவும், கதவின் கைப்பிடியை இயல்பாக எட்டிப் பிடிக்கவும் முடியுமா என்று பார்ப்பதுதான் என் பொறுப்பு. நிறத்தையும் வெளிச்சத்தையும் வேறு ஒருவர் பார்த்துக்கொள்கிறார்.

இந்த வேலையின் சிக்கல் முழுவதும் ஒரே இடத்திலிருந்து கிளைக்கிறது. ஒரு படத்தில் வடிவம் இருக்கும், ஆனால் அளவு இருக்காது. பெரிய அறையைத் தொலைவிலிருந்து எடுத்த படமும், அதையே அச்சாகச் சிறிதாக்கிச் செய்த மாதிரியைப் பக்கத்திலிருந்து எடுத்த படமும் ஒன்றுபோலவே தெரியக்கூடும். ஆகவே படங்களைப் பார்த்துப் பழகிய உருவாக்கிக்கு மீட்டர் எவ்வளவு என்பது நேரடியாகத் தெரிவதில்லை. அது ஊகித்துத்தான் தருகிறது. அலகு மாறிப்போவதால் வரும் பிழைகள் என்னைத் தொந்தரவு செய்வதில்லை. சென்டிமீட்டரை மீட்டராக எண்ணிக்கொண்ட கோப்பு 100 மடங்கு பெரிதாகவும், அங்குலத்தைச் சென்டிமீட்டராக எண்ணிக்கொண்ட கோப்பு 2.54 மடங்கு சிறிதாகவும் வரும். திறந்தவுடனேயே கண்ணில் பட்டுவிடும். 10 முதல் 20 விழுக்காடு வரை விலகிய அறைதான் கடினம். அது திரையில் அழகாகவே இருக்கும். உள்ளே ஒரு மனித உருவத்தை நிறுத்தும்போதுதான் ஏதோ உறுத்தும்.

அப்படிப்பட்ட ஓர் உணவறை வந்தது. கூரை 3.24 மீட்டர், கதவு 2.45, கைப்பிடி 1.19, மேசை 0.87, நாற்காலியின் இருக்கை 0.53. கோப்புகளைத் தானாகத் திருத்துவதற்கென்று எங்களிடம் அப்போது இருந்த நிரல், வீட்டு அறை என்றால் கூரை 2.4 மீட்டர் என்று எடுத்துக்கொண்டு, அதற்கேற்ப அறை முழுவதையும் சுருக்கியிருந்தது. விளைவாகக் கதவு ஏறத்தாழ 1.81 மீட்டராகவும், மேசை 64 செ.மீ. ஆகவும், இருக்கை 39 செ.மீ. ஆகவும் ஆகிவிட்டன. சற்று உயரமான எவரும் குனிந்துதான் நுழைய வேண்டும். நிரலின் அறிக்கையில் கூரை சரி என்று பச்சைக் குறி இருந்தது. சரியாகத்தானே இருக்கும், அந்தக் கூரையை வைத்துத்தானே எல்லாம் திருத்தப்பட்டது!

கூரையை அளவுகோலாகக் கொள்வது தவறு என்பதற்குக் காரணம் எளியது. 2.4 மீட்டர் கூரையும் நம்பக்கூடியது. 3 மீட்டரைத் தாண்டிய கூரையும் நம்பக்கூடியது. அதை யாரும் தொடுவதில்லை, ஆகவே கட்டுபவரின் விருப்பத்துக்கும் வசதிக்கும் இடம் இருக்கிறது. உடம்பு தொடும் பொருட்களுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. உணவு மேசை நாற்காலியின் இருக்கை பொதுவாக 43 முதல் 47 செ.மீ. வரையிலும், மேசை 72 முதல் 76 வரையிலும், கதவின் கைப்பிடி ஏறக்குறைய ஒரு மீட்டரிலும் அமைகின்றன. கால், முழங்கை, கை ஆகியவற்றின் நீளம் இவற்றைக் கட்டிப் போட்டிருக்கிறது. எனவே கையும் உடலும் படும் பொருட்களிலிருந்து அளவைத் தீர்மானித்து, கூரையைக் கடைசியில் பார்ப்பதே என் வழக்கம்.

அந்த உணவறைக்கு அப்படிச் செய்தேன். முதலில் விகிதங்களைப் பார்த்தேன், ஏனென்றால் அலகு எதுவாக இருந்தாலும் விகிதம் மாறாது. மேசைக்கும் இருக்கைக்கும் உள்ள விகிதமும், கதவுக்கும் கைப்பிடிக்கும் உள்ள விகிதமும் இயல்பாகவே இருந்தன. பொருட்கள் தங்களுக்குள் ஒத்துப்போகின்றன, அறை முழுவதும் ஒரே அளவுக்குப் பெருத்திருக்கிறது என்பது இதிலிருந்து தெரிந்தது. மூல அளவுகளை 1.17 ஆல் வகுத்தபோது மேசை 74 செ.மீ., இருக்கை 45, கைப்பிடி 1.02 மீட்டர், கதவு 2.09, கூரை 2.77 என்று எல்லாம் ஒருசேர இடத்தில் வந்து உட்கார்ந்தன. ஒரே எண்ணால் ஐந்தும் சரியாகும்போது அந்த எண்ணை நம்பலாம். ஒன்று மட்டும் முரண்டு பிடித்தால் கோளாறு அறையில் இல்லை, அந்தப் பொருளில் இருக்கிறது.

அப்படி ஒன்று இந்த அறையிலும் மிஞ்சியது. மேசையின் இரு தலைமாட்டிலும் கைதாங்கி வைத்த நாற்காலிகள் இருந்தன. திருத்திய பிறகு கைதாங்கி 68 செ.மீ. உயரத்தில் நின்றது, மேசைப் பலகைக்கு அடியில் கால்களை இணைக்கும் சட்டத்தின் கீழ்விளிம்போ 64 இல் இருந்தது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் குற்றமற்ற அளவுகள். சேர்த்துப் பார்த்தால் நாற்காலியை உள்ளே தள்ளவே முடியாது. நாற்காலியைச் சற்றுச் சுருக்கலாமே என்றார் உடன் பணிபுரிபவர். கைதாங்கி சட்டத்துக்கு அடியில் உரசாமல் நுழைய 8 விழுக்காடு சுருக்க வேண்டும். அப்போது இருக்கை ஏறத்தாழ 42 செ.மீ. ஆகிவிடும். உட்காருமிடத்துக்கும் மேசை மேற்பரப்புக்கும் இடையே 27 முதல் 30 செ.மீ. வரை இருப்பது வசதி. அதுவோ 32 ஐத் தாண்டிவிடும், சாப்பிடுபவரின் தோள் உயர்ந்துகொண்டே இருக்கும். கடைசியில் நாற்காலியைத் தொடாமல், மேசையின் அடிச்சட்டத்தைக் குறுக்கிக் கீழ்விளிம்பை 70 க்கு ஏற்றினோம். தொடைக்கும் கூடுதல் இடம் கிடைத்தது.

அளக்கும் முறையிலும் ஒரு கண்ணி உண்டு. மென்பொருள் ஒவ்வொரு பொருளையும் சுற்றி ஒரு எல்லைப்பெட்டியை வரைந்து அதன் உயரத்தைத் தருகிறது. நாற்காலிக்கு அது சாய்மானத்தின் உச்சி, இருக்கை அல்ல. கதவுக்கு நிலைச்சட்டமும் மேலே உள்ள சிறு சாளரமும் சேர்ந்துவிடும். அறைக்குத் தரைப்பலகையின் தடிமனும் கூடிவிடும். ஆகவே மேலிருந்து கீழாக ஒரு கற்பனைக் கதிரை இறக்கி, அது முதலில் படும் பரப்பை இருக்கையின் உயரமாகக் கொள்கிறேன். கூரைக்குத் தரையின் மேற்பரப்பிலிருந்து மேல்நோக்கிக் கதிரை விடுகிறேன். தொங்கும் விளக்கில் பட்டுவிடாதபடி பல இடங்களில் விட்டுப் பார்ப்பது நல்லது.

இன்னொரு வகைப் பிழையைக் கதிரும் காட்டாது. சில உருவாக்கிகள் ஒரு பொருளை, தாங்கள் ஒதுக்கிய இடத்துக்குப் பொருந்தும்படி ஒரு பக்கமாக மட்டும் இழுத்துவிடுகின்றன. உயரம் சரியாகவே இருக்கும், ஆனால் கைப்பிடிக் குமிழ் முட்டை வடிவமாகியிருக்கும், வட்டமான மேசைக்கால் நீள்வட்டமாகியிருக்கும். வட்டமாக இருக்க வேண்டியவற்றைத் தேடிப் பார்ப்பதே இதற்குச் சுருக்கமான வழி.

விளையாட்டுகளுக்கான அறைகளில் மட்டும் என் தீர்ப்பை நானே தளர்த்திக்கொள்கிறேன். விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான அன்ரியல் என்ஜினின் மூன்றாம் நபர் வார்ப்புருவில், நடக்கும் பாத்திரம் எதன்மீதாவது இடிக்கிறதா என்று கணிக்க அதைச் சுற்றி வைத்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத மோதல் உறை 42 செ.மீ. ஆரமும் 96 செ.மீ. அரை உயரமும் கொண்டது. அதாவது 84 செ.மீ. அகலம், 1.92 மீட்டர் உயரம். வீட்டுக்குப் பொருத்தமான 80 செ.மீ. கதவில் அந்த உறை நுழையாது. பாத்திரத்துக்குப் பின்னால் வரும் படக்கருவிக்கும் இடம் வேண்டும். அங்கே கதவை 1.1 மீட்டருக்கு மேல் அகலப்படுத்த ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கைப்பிடியின் உயரத்தையும் மேசை, நாற்காலியின் அளவையும் அதனோடு சேர்த்துப் பெருக்க விடுவதில்லை. அகலமான கதவை இது இரட்டைக் கதவு என்று கண் ஏற்றுக்கொள்ளும். நெஞ்சளவில் நிற்கும் கைப்பிடிக்கு அப்படி ஒரு சாக்கு கிடையாது.