"ஏற்கெனவே திருமணமானவர்" என்று பொய்ப் புகார்: முடங்கிய வரன் புரொஃபைலை மீட்ட வழி

மஞ்சக்குப்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் தங்கைக்கு வரன் பார்க்கிறோம். ஜாதகம் பொருந்தாமல் வேண்டாம் என்று சொன்ன ஓர் இடத்துக்குப் பிறகு, மேட்ரிமோனி தளத்தில் அவள் புரொஃபைலை முடக்கிவிட்டார்கள். காரணம் கேட்டால் "விதிமீறல்" என்ற ஒற்றைச் சொல்தான். கஸ்டமர் கேருக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்ட பிறகுதான், அவள் ஏற்கெனவே திருமணமானவள் என்று புகார் வந்திருப்பதாக வாய்வழியாகச் சொன்னார்கள். பெண்ணைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை கிளம்பினால் ஊரில் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாது. அந்தக் கோபத்தில் வேறு நம்பரில் புதிய புரொஃபைல் தொடங்கிவிடத் தோன்றும். தொடங்கக் கூடாது. ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு இருந்தால் அதுவே உண்மையான விதிமீறல். பொய்ப் புகாருக்கு நாமே வலுச் சேர்த்ததாகிவிடும்.

முடக்கியதும் உள்ளே நுழைய முடியாது, அதனால் சாட் எதுவும் கைக்கு வராது. ஆனால் "உங்களுக்கு ஒரு விருப்பம் வந்துள்ளது", "செய்தி வந்துள்ளது" என்று தளம் அனுப்பிய மெயில்கள் இன்பாக்ஸில் தேதியோடு கிடக்கும். அவற்றை அழிக்காமல் வையுங்கள். பேச்சு வாட்ஸ்அப்புக்கு மாறியிருந்தால் ஸ்கிரீன்ஷாட்டை வெட்டி ஒட்டாமல், அந்த சாட்டை முழுதாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். வெட்டிய படத்தைப் பார்த்தாலே சந்தேகம்தான் வரும்.

கல்யாணம் ஆகவில்லை என்பதற்கு என்ன காகிதம்? தமிழ்நாட்டில் வருவாய்த்துறை தரும் திருமணமாகாதவர் சான்றிதழ் இருக்கிறது. இ-சேவை மையம் வழியே விண்ணப்பிக்கலாம். எங்களுக்கு ஒரு அலைச்சல் வீணானது இங்கேதான். தங்கை புதுச்சேரியில் வேலையில் இருந்தாள், வீட்டிலிருந்து வேறு ஆள் போனதும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சுய உறுதிமொழிப் படிவத்தில் விண்ணப்பதாரரே கையெழுத்துப் போட வேண்டும், ஓடிபியும் பதிவான மொபைலுக்குத்தான் வரும். பிறகு வி.ஏ.ஓ. விசாரணை. அப்பா பேரில் உள்ள குடும்ப அட்டையில் அவள் பெயர் இருப்பது அங்கே உதவியது.

சான்றிதழை அனுப்பினால், "பெயர் பொருந்தவில்லை" என்று பதில்! புரொஃபைலில் அப்பா பெயர் முழுதாக, சான்றிதழில் வெறும் இனிஷியல். நம் ஊரில் யாருக்குத்தான் எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது? ஆனால் வடநாட்டில் உட்கார்ந்து சரிபார்ப்பவருக்கு அது புரியாது. இரண்டு பெயரும் ஒருவரே என்று ஒரு வரி எழுதி, அப்பா பெயர் அச்சிட்ட பள்ளி மாற்றுச் சான்றிதழையும் சேர்த்ததும் அடங்கினார்கள். ஆதார் கேட்டால் கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை myaadhaar.uidai.gov.in தளத்தில் இறக்கி அனுப்புங்கள், அது போதும்.

முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கஸ்டமர் கேர் வேறு, குறைதீர் அதிகாரி வேறு. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள்படி ஒவ்வொரு தளமும் அந்த அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட்டே ஆக வேண்டும். பக்கத்தின் அடியில் தேடுங்கள். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், 7 நாளில் முடிக்க வேண்டும். 2026 பிப்ரவரித் திருத்தம் வரை இது 15 நாளாக இருந்தது. பதிவு செய்த மெயிலில் இருந்து, வரன் யாரோ அவர் பெயரிலேயே எழுத வேண்டும். நாங்கள் அனுப்பியதன் சாரம் இவ்வளவுதான்:

"என் புரொஃபைல் எண் இது. இந்தத் தேதியில் முடக்கப்பட்டது. நான் திருமணமானவள் என்ற புகார் தவறு. சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், குடும்ப அட்டை இணைத்துள்ளேன். புரொஃபைலைத் திரும்பத் திறக்கவும். இல்லையெனில் எந்த விதியை மீறினேன் என்று எழுத்தில் தெரிவிக்கவும்."

யார் புகார் செய்திருப்பார் என்ற ஊகத்தை அதில் எழுத வேண்டாம். தளம் அந்தப் பெயரைச் சொல்லப்போவதில்லை, நம் மனு இரு வீட்டுச் சண்டையாகத் தெரிந்து ஓரமாகப் போய்விடும். வந்துபோன வீட்டுக்கும் சாட் விவரத்தை அனுப்பித் தகராறு வளர்க்காதீர்கள். சித்தப்பா, மாமா என்று ஆளாளுக்கு மெயில் போடுவதும் வேண்டாம். ஒரே மெயில் தொடரில் பதில் மேல் பதிலாகவே போகட்டும்.

அதிகாரியும் மறுத்தால், அவர் பதில் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் gac.gov.in தளத்தில் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம், எல்லாம் ஆன்லைன்தான். எங்களுக்கு அதுவரை போகத் தேவைப்படவில்லை. அதிகாரியின் மெயில் வந்த அன்றே புரொஃபைல் திறந்துவிட்டது. அம்மா அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

பணம் கட்டிய உறுப்பினர் என்றால் இன்னொன்று. முடங்கிக் கிடந்த நாட்களுக்கும் சந்தா ஓடிக்கொண்டேதான் இருக்கும். யுபிஐ செயலியில் ஆட்டோபே இருக்கிறதா என்று பார்த்து நிறுத்திவையுங்கள். திறந்த பின், அதிகாரியின் மெயிலுக்கே பதிலாக, இழந்த நாட்களைச் சேர்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். தாமாக யாரும் தருவதில்லை. கேட்டதும் எங்களுக்குச் சேர்த்தார்கள்.