கழுவிப் பார்க்காத பேரிங்

"இந்தா, நீயே சுத்திப் பாரு" என்று வண்டிச் சக்கரத்திலிருந்து கழற்றிய பழைய பேரிங்கை அந்தத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தேன். சுற்றினார். கரகரவென்று மணல் அரைபடுவதுபோல் இருந்தது. "ஆமாண்ணே, போயிருச்சு" என்றார். 3,200 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். அதில் என்ன தப்பு என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ராமேஸ்வரத்துக்கு யாத்திரைக்காரர்களை ஏற்றும் டாக்சி அவருடையது. ஐம்பதைத் தாண்டினால் வண்டு முரல்வதுபோல் ஒரு ஊங்காரம், எழுபதில் பேச்சே கேட்காது. உச்சிப்புளி தாண்டி மண்டபம் போகும் நேர்ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். எழுபதில் நியூட்ரல் போட்டேன். இன்ஜின் வேகம் இறங்கியும் சத்தம் அப்படியே இருந்தது, வண்டி வேகம் குறையக் குறையத்தான் குறைந்தது. ஆக, இன்ஜின் இல்லை. அப்புறம் ஸ்டியரிங்கை மெல்ல இடப்பக்கம் ஒடித்தேன். அப்போது வண்டியின் பாரம் வலப்பக்கச் சக்கரங்களில் சாயும். சத்தம் கூடியது. வலப்பக்கம் ஒடித்தால் குறைந்தது. வலது முன்சக்கர பேரிங் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன்.

நடுவில் புதிதாகத் தார் போட்ட ஒரு துண்டு ரோடு வந்தது. அதில் சத்தம் கொஞ்சம் அடங்கியது. கேட்டேன், கேட்காமல் இல்லை. ரோடு வழவழப்பாக இருந்தால் எல்லாச் சத்தமும் குறையத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். பேரிங் சத்தத்துக்கு ரோடு எதுவானாலும் ஒன்றுதான். ரோடு மாறும்போது கூடவே மாறுவது டயர். இதைப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான்.

ஜாக்கி போட்டுத் தூக்கினேன். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், ஆட்டம் இல்லை. ஒரு கையை ஸ்பிரிங்கில் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றினேன். விரலில் லேசாக ஒரு அதிர்வு. முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் அப்படிச் சுற்றும்போது டிரைவ் ஷாஃப்டும் உள்ளே பல்சக்கரங்களும் சேர்ந்து சுற்றும், அந்த அதிர்வு அவற்றுடையதாகவும் இருக்கலாம். ஆனால் நான் தேடியது கிடைத்துவிட்டது, சரி என்றாகிவிட்டது.

அரைமணி நேரம் செலவழித்து முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டியிருந்தால் போதும். டயர் என்றால் சத்தம் டயரோடு இடம் மாறும், பேரிங் என்றால் இருந்த இடத்திலேயே இருக்கும். மாலை ரயிலுக்கு ஒரு பார்ட்டியை ஏற்ற வேண்டும் என்று தம்பி அவசரப்பட்டார். அவர் அவசரம்தான் காரணம் என்று பல நாள் சொல்லிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து வந்தார். "அண்ணே, பஞ்சர் கடைல டயரை முன்னபின்ன மாத்திப் போட்டாங்க. சத்தம் முன்னாடி வந்துருச்சுண்ணே."

கழற்றிப் பார்த்தேன். வலது பின்பக்கம் ஓடிய டயரின் உள்விளிம்பு பள்ளமும் மேடுமாகத் தேய்ந்திருந்தது. உள்ளங்கையை ஒரு திசையில் ஓட்டினால் வழுக்கியது, எதிர்த்திசையில் ரம்பப் பல்போல் உரசியது. இடப்பக்கம் ஒடித்தபோது பாரம் ஏறிக் கத்தியது இதுவும்தான். வலது பக்கம் என்று என் காது சரியாகச் சொன்னது. முன்னா பின்னா என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"அப்ப அந்த பேரிங்கு?" என்றார். கோபமே இல்லை.

"அதுவும் போயிருந்துச்சு தம்பி. நீதானே சுத்திப் பார்த்த."

பொய்யா இது? அரிச்சல்முனை வரை தினம் ஓடும் வண்டி, உப்பும் மணலும் பேரிங்கை மூடியிருக்கும் ரப்பர் சீலைத் தின்னாமல் விடாது. சீல் உதட்டில் துரு இருந்ததை நானே பார்த்தேன். போயிருக்கலாம். ஆனால் சக்கரம் மாட்டும் ஹப்பைப் பிரஸ்ஸில் தள்ளி எடுக்கும்போது பேரிங்கின் உள்வளையம் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வரும். தள்ளும் பாரம் முழுக்கக் குண்டுகள் வழியாகத்தான் போகும், அவை ஓடும் தடத்தில் குழி விழுந்துவிடும். நல்ல பேரிங்கையும் அப்படிக் கழற்றி, உள்வளையத்தைப் பிடுங்கி மறுபடி பொருத்திச் சுற்றினால் கரகரக்கும். அது எனக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியாது. தெரிந்துகொண்டேதான் அவர் கையில் வைத்தேனா, பழக்கத்தில் வைத்தேனா?

மண்ணெண்ணெயில் கழுவித் தடத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். குண்டுக்குக் குண்டு ஒரே இடைவெளியில் குழிகள் மட்டும் இருந்தால், பெரும்பாலும் அது பிரஸ் செய்த வேலை. செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தாலோ துருப் புள்ளிகள் இருந்தாலோ ஓட்டத்தில் போனது. அன்று கழுவவில்லை. அவர் கேட்டுவிட்டுப் போன பிறகு பின்னால் கிடந்த டிரம்மில் தேடினேன். பழைய இரும்புக்காரர் அள்ளிக்கொண்டு போயிருந்தார்.

பணத்தைத் திருப்பித் தரவில்லை. டயர் மாற்றிய கூலியை மட்டும் வேண்டாம் என்றேன். "பரவால்லண்ணே, வச்சுக்கங்க" என்று பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். இப்போதும் ஆயில் மாற்ற என்னிடம்தான் வருகிறார்.