காரணம் சரிதான், இந்தக் கூற்றுக்கானதா?

மேலாண்மைத் தேர்வுக்குப் படித்தபோது என் நேரத்தை அதிகம் தின்றவை கூற்று–காரணம் வினாக்கள். ஒரு கூற்றையும் ஒரு காரணத்தையும் கொடுத்து, இரண்டும் சரியா, காரணம் கூற்றை விளக்குகிறதா என்று கேட்பார்கள். கொடுக்கும் நான்கு விடைகளில் கடைசி இரண்டு பெரிய தொல்லை தராது. இரண்டு வாக்கியங்களில் ஒன்று தவறு என்றால், பாடம் படித்தவர் கண்ணில் பட்டுவிடும். தலைவலி முதல் இரண்டில்தான். கூற்றும் சரி, காரணமும் சரி. காரணம் கூற்றை விளக்குகிறதா, இல்லை சும்மா பக்கத்தில் நிற்கிறதா? விளக்கினால் முதல் விடை, வெறுமனே நின்றால் இரண்டாவது.

நடுவில் 'ஏனென்றால்' போட்டுப் படித்துப் பார் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். ஆனால் ஒரே பாடத்திலிருந்து எடுத்த எந்த இரண்டு வரிகளுக்கு நடுவிலும் 'ஏனென்றால்' ஓரளவு பொருந்திவிடும். வினா தயாரிப்பவருக்கும் இது தெரியும்.

எனக்குத் தெளிவு வந்தது அறிவியல் மேலாண்மையின் முன்னோடியான டெய்லரைப் பற்றிய ஒரு வினாவில். கூற்று: டெய்லரின் ஃபங்ஷனல் ஃபோர்மேன்ஷிப் முறை, கட்டளை ஒருமை என்ற கொள்கையை மீறுகிறது. காரணம்: அந்த முறையில் திட்டமிடும் வேலையும் செய்யும் வேலையும் பிரிக்கப்படுகின்றன. இரண்டும் உண்மை. டெய்லர் திட்டமிடல் பக்கம் நான்கு பேர், உற்பத்திப் பக்கம் நான்கு பேர் என்று எட்டு மேற்பார்வையாளர்களை வைத்தார். 'ஏனென்றால்' போட்டாலும் இடறவில்லை.

அப்போது கூற்றின் மையச் சொல்லைத் தனியே எடுத்துப் பார்த்தேன். மீறப்படுவது கட்டளை ஒருமை. ஒரு தொழிலாளிக்கு ஒரே ஒரு மேலதிகாரிதான் உத்தரவிட வேண்டும் என்பது மேலாண்மை அறிஞர் ஃபயோலின் கொள்கை. அது எப்போது உடையும்? உத்தரவிடுபவர் ஒன்றுக்கு மேல் போகும்போது. சரி, கொடுத்த காரணத்தில் உத்தரவு எங்கே இருக்கிறது? இல்லை. திட்டமிடலை ஒரு தனிப் பிரிவுக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் தயாரிக்கும் திட்டத்தை ஒரே மேற்பார்வையாளர் வழியாகத் தொழிலாளிக்குச் சொல்லலாம். பிரிவினை இருக்கும், கட்டளை ஒருமையும் கெடாது. ஆக, காரணம் நடந்தும் கூற்று நடக்காத ஒரு நிலையைக் கற்பனை செய்ய முடிகிறது. விடை இரண்டாவது. அதே கூற்றுக்கு 'ஒரு தொழிலாளி எட்டு மேற்பார்வையாளர்களிடமிருந்து உத்தரவு பெறுகிறார்' என்று காரணம் கொடுத்திருந்தால் முதல் விடை. எட்டுப் பேர் உத்தரவிட்டும் கட்டளை ஒருமை பிழைக்கும் நிலையைக் கற்பனைகூடச் செய்ய முடியாது.

அப்புறம் இதையே வழக்கமாக்கிக்கொண்டேன். கூற்று எந்த இடத்தில் 'ஏன்?' என்று கேட்க வைக்கிறது என்று முதலில் பார்ப்பேன். பிறகு, காரணம் இருந்தும் கூற்று நடக்காமல் போகுமா, காரணத்தை எடுத்துவிட்டாலும் கூற்று அப்படியே நிற்குமா என்று இரண்டு பக்கமும் சோதிப்பேன்.

இரண்டாவது சோதனை கைகொடுத்தது கட்டுப்பாட்டு வீச்சில், அதாவது ஒரு மேலாளருக்கு நேரடியாகக் கீழே எத்தனை பேர் என்பதில். கூற்று: வீச்சு அகலமானால் நிறுவனத்தின் படிநிலைகள் குறையும். காரணம்: கீழ்ப்பணியாளர் எண்ணிக்கை கூடும்போது உறவுகளின் எண்ணிக்கை மிக வேகமாகக் கூடும். காரணம் 1933-இல் மேலாண்மை ஆலோசகர் கிரைகுனாஸ் சொன்னது. மேலாளருக்கும் கீழ்ப்பணியாளர்களுக்கும் இடையிலும், கீழ்ப்பணியாளர்களுக்குள்ளும் உள்ள உறவுகளை எண்ணினால், அவர் கணக்கில் 4 பேருக்கு 44, 5 பேருக்கு 100. கூற்று வெறும் வகுத்தல் கணக்கு. 64 தொழிலாளர்கள், ஒருவருக்குக் கீழ் 4 பேர் என்றால் மேலே 16, 4, 1 என மூன்று மேலாண்மைப் படிகள். 8 பேர் என்றால் 8, 1 என இரண்டே படிகள். கிரைகுனாஸ் பிறக்காமலே போயிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அவருடைய எண்கள் விளக்குவது வேறொரு கூற்றை: வீச்சை இஷ்டத்துக்கு அகலப்படுத்த முடியாது என்பதை. இந்த வகை வினாக்களில் இது வாடிக்கையான வேலை. பக்கத்துக் கூற்றின் காரணத்தைக் கொண்டுவந்து இங்கே ஒட்டிவிடுவார்கள். அதனால் சந்தேகம் வந்தால், 'இந்தக் காரணம் உண்மையில் எந்தக் கூற்றுக்குச் சொந்தம்?' என்று கேட்டுவிடுவேன். வேறொரு கூற்று சட்டென்று வாயில் வந்தால் பெரும்பாலும் இரண்டாவது விடைதான்.

இந்தச் சோதனைகள் தடுமாறும் இடமும் உண்டு. 'அதிகாரத்தை ஒப்படைத்த பின்னும் மேலாளரே பதில் சொல்ல வேண்டும்' என்பது கூற்று, 'பதில் சொல்லும் கடமையை ஒப்படைக்க முடியாது' என்பது காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கறாராகப் பார்த்தால் காரணம் கூற்றையே வேறு வார்த்தையில் சொல்கிறது, புதிதாக எதையும் விளக்கவில்லை. எனக்கு அது உறுத்தும். ஆனாலும் நான் பார்த்த விடைக்குறிப்புகளில் பொதுக் கொள்கை காரணமாகவும் அதன் ஒரு நிகழ்வு கூற்றாகவும் வந்தால், சரியான விளக்கம் என்றே போட்டிருப்பார்கள். அங்கே வாதம் செய்யாமல் முதல் விடையைக் குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவேன்.