ஒன்றரை டிகிரியை விட்டுக்கொடுக்காதீர்கள்: ஈ.டி.எஸ். அறைக்கு பி.எச்.இ. தேர்வு செய்த அனுபவம்

வெளியிலிருந்து வரும் குளிர்நீரிலிருந்து கட்டடம் குளிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் இடம்தான் ஈ.டி.எஸ். அறை. இரண்டு தண்ணீரும் கலக்காமல் மெல்லிய பிளேட்டுகள் வழியே அந்தக் குளிர்ச்சியைக் கைமாற்றுவது பி.எச்.இ., அதாவது பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர். அதற்கு மூன்று கொட்டேஷன் வந்தன. மூன்றிலும் 1055 கிலோவாட் என்றுதான் இருந்தது, மூன்றிலும் கட்டடத்துக்குப் போகும் தண்ணீர் 6.5 டிகிரி. ஆனால் பிளேட் பரப்பு ஒன்றில் 108 சதுர மீட்டர், இன்னொன்றில் 155, மூன்றாவதில் 212. வாங்கும் பிரிவு 108-ஐப் பிடித்துக்கொண்டது, விலை கணிசமாகக் குறைவு என்பதால். அதைத் தடுத்து நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அடுத்து இந்த வேலையைத் தொடுபவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

ஒரே நிலையத்திலிருந்து பல கட்டடங்களுக்குக் குளிர்நீர் அனுப்பும் டிஸ்ட்ரிக்ட் கூலிங் சேலத்தில் கிடையாது. ஆனால் வளைகுடாக் கட்டடங்களுக்கு இங்கே உட்கார்ந்து வரைபடமும் கணக்கும் போடுகிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். இதுவும் அப்படி ஒரு வேலைதான். 600 டன் குளிரூட்டல் தேவைப்படும் கட்டடம், 2110 கிலோவாட். அதைப் பாதிப் பாதியாகச் சுமக்க இரண்டு பி.எச்.இ.

முதலில் நான்கு வெப்பநிலைகள். குளிர்நீர் தரும் நிறுவனம் 5.0 டிகிரியில் கொடுக்கும், 14.0-க்குக் குறையாமல் திருப்பித் தர வேண்டும், குறைந்தால் அபராதக் கட்டணம். இது பிரைமரி. கட்டடத்துப் பக்கம், அதாவது செகண்டரி, 6.5-ல் போய் 15.5-ல் திரும்பும். குளிர்ந்த முனையில் 6.5-க்கும் 5.0-க்கும் இடையே ஒன்றரை டிகிரி. சூடான முனையில் 15.5-க்கும் 14.0-க்கும் இடையே இன்னொரு ஒன்றரை. இந்த வித்தியாசத்துக்குத்தான் அப்ரோச் என்று பெயர். அப்ரோச் என்றால் பலரும் குளிர்ந்த முனையை மட்டும் பார்க்கிறார்கள். மாதாமாதம் பில்லில் வலிக்கப்போவது சூடான முனை.

இந்த 15.5 காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது. கட்டடத்துக் காற்றைக் குளிர்விக்கும் ஏ.எச்.யூ. காயில்கள் பழைய பழக்கத்தில் 7-க்கு உள்ளே, 12-க்கு வெளியே என்று தேர்வாகியிருந்தால், எவ்வளவு பெரிய பி.எச்.இ. வைத்தாலும் பிரைமரி 12-க்கு மேல் திரும்பாது. நல்ல தண்ணீரைக் கெட்ட தண்ணீரிலிருந்து எடுக்க முடியாது. அதனால் பி.எச்.இ.க்கு விலை கேட்கும் முன் காயில் ஷெட்யூலை வாங்கி, ஒவ்வொரு காயிலும் 6.5/15.5-க்குத் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு அது சரியாக இருந்தது.

பரப்புக் கணக்கு ஒரே வரிதான். A பரப்பு, Q சுமை, U பிளேட் வெப்பத்தைக் கடத்தும் திறன், LMTD இரு முனை வித்தியாசங்களின் மடக்கைச் சராசரி:

```
A = Q / (U × LMTD)
```

இரு முனையிலும் ஒன்றரை டிகிரி என்பதால் LMTD-யும் 1.5. நல்ல பிளேட்டில் தண்ணீருக்குத் தண்ணீர் U-ஐச் சுமார் 5000 வாட் என்று (ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு) வைத்தால் 141 சதுர மீட்டர் வரும். இதுதான் அளவுகோல். எந்த கொட்டேஷன் வந்தாலும் முதலில் இந்த எண்ணோடு ஒப்பிட்டுவிடுங்கள். விலகியிருந்தால் காரணம் எங்கோ ஒளிந்திருக்கிறது.

அப்ரோச்சை 1.0 ஆக்கலாமே என்று கட்டடத்துக்காரர் கேட்டார். செய்யலாம். பரப்பு 211 ஆகும், அரை மடங்கு கூடுதல். அதோடு பிளேட்டும் நீளமானதாக வேண்டும். அந்த நீளம் கிடைக்காத சப்ளையர் இரண்டு பாஸ் வைத்து, அதாவது தண்ணீர் பிளேட்டுகளை இரண்டு முறை கடக்கும்படி செய்து கொடுப்பார். அப்போது சில குழாய் இணைப்புகள் பின்னால் நகரும் தகட்டுக்குப் போய்விடும். பிறகு பிளேட் கழுவ வேண்டுமென்றால் குழாயையே கழற்ற வேண்டும். ஒரே பாஸில், நான்கு இணைப்பும் முன்தகட்டில் இருக்கும்படி 1.5-லேயே நின்றோம்.

இனி 108-க்கு வருகிறேன். டேட்டா ஷீட்டை வரிவரியாகப் படித்தால்தான் அது பிடிபட்டது. பிரைமரி திரும்பும் வெப்பநிலை 14.0 அல்ல, 13.0. பிரைமரி ஃப்ளோ விநாடிக்கு 28 லிட்டர் அல்ல, 31.5. மற்ற எல்லாம் நாங்கள் கேட்டதுதான். சூடான முனையின் அப்ரோச்சை மட்டும் 2.5 ஆக்கியதில் LMTD 1.96 ஆகிவிட்டது. பரப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது இப்படித்தான்.

சப்ளையர் தரப்பிலிருந்து பேசியவர், “சார், 1055 வருது, 6.5 வருது. டியூட்டி மேட்ச் ஆகுதே, அப்புறம் என்ன பிரச்சினை?” என்றார். வாங்கும் பிரிவும் அதையே சொன்னது. இதற்கு அப்ரோச், LMTD என்று விளக்கினால் யாரும் கேட்பதில்லை. எடுபட்டது வேறொரு கணக்கு. ஈ.டி.எஸ். அறையில் பிரைமரிப் பக்கம் குளிர்நீர் நிறுவனத்தின் கன்ட்ரோல் வால்வு இருக்கும். ஒப்பந்த ஃப்ளோவான 28 லிட்டருக்கு மேல் அது விடாது. அந்த 108 சதுர மீட்டருக்கு 28 லிட்டர் மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்று போட்டுக் காட்டினோம். 1055 கிடைக்காது, சுமார் 1010 கிலோவாட்தான். கட்டடத்துக்கு 6.5-க்குப் பதில் 6.9-ல் தண்ணீர் போகும். ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊரில், உச்ச வெயில் நாளில், காயில் ஈரத்தை இழுக்கத் திணறும். ஃப்ளோவைக் கூட்டித் தரச் சொல்லி ஒப்பந்தத்தை மாற்றினாலோ, திரும்பும் தண்ணீர் 13.0. அபராதம் நிச்சயம்.

அந்த ஒரு பக்கக் கணக்கு போனதும் வாங்கும் பிரிவு 108-ஐக் கைவிட்டது. பெரிய நிம்மதி. ஆகவே விலை கேட்கும்போது “1055 கிலோவாட், 6.5 டிகிரி” என்று மட்டும் எழுதாதீர்கள். நான்கு வெப்பநிலைகளையும் இரண்டு ஃப்ளோக்களையும் எழுதி, எதையும் மாற்றக் கூடாது என்று சேர்த்து எழுதுங்கள்.

அடுத்தது 212. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, அலகுக் குழப்பம். கன்சல்டன்டின் ஸ்பெசிஃபிகேஷனில் ஃபவுலிங் ஃபேக்டர், அதாவது பிளேட்டில் அழுக்குப் படிவதற்கான ஒதுக்கீடு, 0.0001 என்று இருந்தது, அலகு போடவில்லை. எழுதியவர் மனதில் இருந்தது அமெரிக்க அலகு. நம் மீட்டர் அலகில் அது 0.0000176. சப்ளையர் 0.0001-ஐ அப்படியே மீட்டர் அலகாக எடுத்துக்கொண்டார். U 5000-லிருந்து 3333 ஆக இறங்கியது, பரப்பு அரை மடங்கு ஏறியது. சரியான அலகில் போட்டிருந்தால் ஏற்றம் 9 சதவீதம் அளவுக்குத்தான்.

பெரிதாக இருந்தால் நல்லதுதானே, வாங்கி வைத்துவிடலாம் என்று ஒரு குரல் எழுந்தது. விலையை விடுங்கள், பி.எச்.இ.யில் பிளேட்டை அளவுக்கு மேல் சேர்ப்பதே கெடுதல். அதே தண்ணீர் அதிக இடைவெளிகளில் பிரிந்து ஓடும்போது ஒவ்வொன்றிலும் வேகம் குறையும். பிளேட்டைச் சுத்தமாக வைத்திருப்பதே அந்த வேகமும் சுழலும்தான். அழுக்குக்குப் பயந்து சேர்த்த பிளேட்டே அழுக்கை அழைக்கும். மூடிய சுற்றில் ஓடும் குளிர்நீருக்கு ஃபவுலிங் ஃபேக்டரை எடுத்துவிட்டு, “சுத்தமான நிலையில் தேவையானதைவிட 10 சதவீதம் கூடுதல் பரப்பு” என்று எழுதச் சொன்னோம். கன்சல்டன்ட் ஒப்புக்கொண்டார். 141-ல் பத்து சதவீதம் சேர்த்தால் 155. நடுவில் இருந்த கொட்டேஷன் அதுதான். ஏ.ஐ.எஸ்.ஐ. 316 பிளேட், நைட்ரைல் கேஸ்கெட், முழு ஃப்ளோவில் பிரஷர் டிராப் 0.5 பார். ஆர்டர், சப்மிட்டல், ஷிப்பிங் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

சைட்டில் சோதனை வந்தபோது மறுபடி ஒரு தலைவலி. அங்கே கமிஷனிங் பார்த்தவர் ஆத்தூர்ப் பையன். போனில், “அண்ணே, ஒண்ணாவது யூனிட் சூடான பக்கம் 0.9, ரெண்டாவது 1.6. டிசைனே 1.5 தானே, ரெண்டும் பாஸ்னு எழுதிடறேன்” என்றான். எழுதாதே என்று சொல்ல வேண்டியிருந்தது.

காரணம் இது. அன்று ஒவ்வொரு யூனிட்டையும் தனியாக, பாதிச் சுமையில் ஓட்டினார்கள். கன்ட்ரோல் வால்வு 6.5-ஐப் பிடித்து நிறுத்துவதால் குளிர்ந்த முனையில் எப்போதும் 1.5 தான் தெரியும், அதைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. சூடான முனைதான் பேசும். பாதி ஃப்ளோவில் U குறையும், ஆனால் சுமை குறையும் அளவுக்குக் குறையாது. அதனால் கட்டடத்திலிருந்து வரும் தண்ணீர் 15.5-ஐ ஒட்டி இருக்கும்போது, புதிய, சுத்தமான இந்த யூனிட்டில் சூடான முனை 0.8-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 0.9 சரி. 1.6 என்றால், சும்மா டிசைனைத் தாண்டியது அல்ல, எதிர்பார்த்ததைப் போல இரண்டு மடங்கு.

செகண்டரிப் பக்கப் பிரஷர் டிராப்பைப் பார்க்கச் சொன்னேன். முழு ஃப்ளோவில் 0.5 பார் என்றால் பாதி ஃப்ளோவில் 0.14 பக்கம் வர வேண்டும். முதல் யூனிட்டில் அப்படித்தான் இருந்தது. இரண்டாவதில் 0.25. அப்ரோச்சும் மோசம், டிராப்பும் அதிகம் என்றால் இடைவெளிகள் அடைத்திருக்கின்றன. டிராப் சரியாக இருந்து அப்ரோச் மட்டும் மோசமாக இருந்தால் சென்சாரையும், இரு பக்கத் தண்ணீரும் எதிரெதிர்த் திசையில்தான் ஓடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். குழாய் மாறி ஒரே திசையில் ஓடினால் இரண்டு தண்ணீரும் நடுவில், 10 டிகிரிப் பக்கம் சந்தித்து நின்றுவிடும், 6.5 என்ற பேச்சுக்கே இடமிருக்காது. இங்கே 6.5 வந்துகொண்டிருந்ததால் அது இல்லை என்று தெரிந்தது.

விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. கட்டடத்துக் குழாய்களை ஃப்ளஷ் செய்தபோது முதல் யூனிட்டுக்கு பைபாஸ் போட்டிருக்கிறார்கள், இரண்டாவதுக்குப் போடவில்லை. குப்பையை வடிகட்டும் ஸ்டிரெயினர் கூடையையும் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். வெல்டிங் கசடும் டெஃப்லான் நாடாத் துணுக்குகளும் நேராக பி.எச்.இ. வாயில் போய் உட்கார்ந்திருந்தன. எதிர்த் திசையில் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள், கொஞ்சம்தான் வந்தது. கடைசியில் பிரித்தார்கள்.

பிரிக்கும் முன் இரு தகடுகளுக்கும் இடைப்பட்ட நீளத்தை டேப்பில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். திரும்ப முடுக்கும்போது நேம்பிளேட்டில் உள்ள அளவுக்கு, நான்கு மூலையும் சமமாக வரும்படி போல்டுகளை மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். அதைவிட அதிகமாக முடுக்கினால் பிளேட் நசுங்கும், குறைவாக விட்டால் கேஸ்கெட் ஒழுகும். பிளேட்டைக் கழுவ இரும்பு பிரஷ் வேண்டாம், நைலான் பிரஷும் அழுத்தம் குறைந்த தண்ணீரும் போதும்.

கழுவி மாட்டி, ஸ்டிரெயினர் கூடையைத் திரும்பப் போட்டு ஓட்டியதில் இரண்டாவது யூனிட்டும் 0.9-க்கு வந்தது, டிராப் 0.15. அதன் பிறகுதான் சோதனைத் தாளில் கையெழுத்து. அந்த இரண்டு எண்களையும் எந்த ஃப்ளோவில் எடுத்தோம் என்பதோடு யூனிட்டின் மேலேயே ஒட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை எப்போது பிரிக்க வேண்டும் என்று பராமரிப்பு ஆட்கள் முடிவு செய்ய அவைதான் வேண்டும்.