பன்னிரண்டு கட்டுரை, ஒரே அட்டவணை: வைவாவில் தப்பித்த கதை

போன வாரம் ரிசல்ட் வந்தது, பாஸ். எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வறிக்கையில் என் தலைப்பு வளரிளம் பெண்களின் ரத்தசோகை. முதல் ரிவ்யூவில் வாங்கிய திட்டு இன்னும் ஆறவில்லை, அதனால் அதைத்தான் எழுதப் போகிறேன்.

இலக்கிய மீளாய்வுக்காகப் படித்த பன்னிரண்டு கட்டுரைகளையும் எக்செல் ஷீட்டில் வரிசைக்கு ஒன்றாகப் போட்டிருந்தேன். ஆசிரியர், ஆண்டு, மாதிரி, முறை, முடிவு என்று ஐந்து பத்தி. முறை என்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் "குறுக்குவெட்டு ஆய்வு" என்றுதான் எழுதியிருந்தேன். கைடு மேடம் ஒரு நிமிடம் பார்த்தார். "இவருக்கு ஐம்பத்து சொச்சம் சதவீதம், அவருக்கு நாற்பது. ஏன்மா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பதில் நான் போடாத பத்தியில் இருந்தது: ஹீமோகுளோபினை எப்படி அளந்தார்கள்?

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 5 (2019-21) விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தைக் கையடக்கக் கருவியில் பார்த்தது. 15-19 வயதுப் பெண்களில் 59 சதவீதத்துக்கு ரத்தசோகை. தேசிய விரிவான ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு (2016-18) சிரையிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் அளந்தது. 10-19 வயதுப் பெண்களில் 40 சதவீதம். விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு குறைவாகக் காட்டிவிடலாம். ஆனால் வயதும் வேறு, ஆண்டும் வேறு. அதனால் வித்தியாசம் முழுக்கக் கருவியால்தான் என்று எழுதிவிடாதீர்கள். நான் எழுதினேன், அடுத்த ரிவ்யூவில் அதற்கும் மாட்டினேன்.

பிறகு முறைப் பத்தியை நான்காக உடைத்தேன்:

- ரத்தம் எடுத்த இடம் (விரலா, சிரையா)
- அளந்த கருவி
- எதற்குக் கீழே போனால் ரத்தசோகை என்ற வெட்டு அளவு (12 வயது முதல் டெசிலிட்டருக்கு 12 கிராம், அதற்குக் குறைந்த வயதில் 11.5)
- தரவு யாருடையது

கடைசிப் பத்திதான் என்னைக் காப்பாற்றியது. என் பன்னிரண்டில் மூன்று கட்டுரைகள் அதே குடும்ப நலக் கணக்கெடுப்பின் தரவைத்தான் அலசியிருந்தன. "மூன்று ஆய்வுகள் உறுதிசெய்கின்றன" என்று அதுவரை எழுதி வைத்திருந்தேன்! உண்மையில் மூன்றுக்கும் ஒரே கணக்கெடுப்புதான்.

சரி, நிரப்பும்போது: சுருக்கத்தைப் பார்த்து நிரப்பாதீர்கள், கருவி விவரம் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். பக்க எண்ணையும் கட்டத்திலேயே போடுங்கள். கட்டுரையில் இல்லாத விவரத்துக்குக் கட்டத்தைக் காலியாக விடாமல் "சொல்லவில்லை" என்று எழுதுங்கள். காலிக் கட்டம் என்றால் நான் படிக்கவில்லையா, அவர்கள் எழுதவில்லையா என்று ஒரு மாதம் கழித்து எனக்கே தெரியவில்லை.

அப்புறம், ரத்தம் எடுத்த இடத்தை வைத்து சார்ட் செய்து, பத்தி பத்தியாக மேலிருந்து கீழே படியுங்கள். என் இலக்கிய மீளாய்வில் "விரல் ரத்த ஆய்வுகள்", "சிரை ரத்த ஆய்வுகள்" என்ற இரண்டு துணைத்தலைப்புகளும் அப்படி வந்தவைதான். வைவாவில் வெளித் தேர்வாளர் முதலில் கேட்டதும் அந்த 59, 40 கேள்விதான்.