பினாங்கு நாட்குறிப்பு: தெரியாததை எங்கே எழுதுவது?

ஜூலை 1, 2025, செவ்வாய்

உளவியலாளராக நான் எழுதும் ஒரே ஃபார்முலேஷனைப் பற்றித்தான் இந்த மாதம் முழுவதும் எழுதப்போகிறேன். ஒருவருக்கு இந்த நோய் ஏன் வந்தது, ஏன் இப்போது வந்தது, ஏன் போக மறுக்கிறது என்பதை உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்து விளக்கும் எழுத்துதான் அது. நோயின் பெயரைச் சொல்வது டயக்னோசிஸ். அந்த நோய் இந்த ஆளிடம் எப்படி உருவானது என்று சொல்வது ஃபார்முலேஷன்.

நான் தேவி என்று அழைக்கப்போகிறவள் தனி ஒருத்தி அல்ல. பல ஆண்டுகளாகச் சந்தித்தவர்களின் கதைகளைக் கலந்து, ஊரையும் வேலையையும் மாற்றி உருவாக்கிய பெண்.

வயது 23. பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் ஆப்பரேட்டர், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். இது மூன்றாவது மனச்சோர்வு. முதலாவது 2019இல், ஐந்தாம் படிவத்தில், இரண்டாவது 2022இல். இடையில் பல மாதங்கள் முழுக்க நலமாக இருந்திருக்கிறாள், ஆகவே "மீண்டும் மீண்டும் வரும் மனச்சோர்வு" என்ற பெயர் பொருந்துகிறது. மனச்சோர்வின் கடுமையை அளக்கும் பிஎச்க்யூ-9 வினாத்தாளில் 27க்கு 19. கடுமைக்குச் சற்றுக் கீழே.

பரிந்துரைக் கடிதத்தின் கடைசி வரி: "சிறுவயதில் ஏதோ நடந்திருக்கலாம்." அதற்கு மேல் விவரம் இல்லை. இந்த ஒரு வரி மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த வழக்கில் கடினம்.

ஜூலை 3, வியாழன்

எட்டு வயதிலிருந்து பத்து வயது வரை தேவி சுங்கைப் பட்டாணி பக்கம் ஒரு தோட்டத்தில், தாய்மாமா வீட்டில் இருந்தாள். அம்மா ஜொகூரில் தங்கி, தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்த காலம் அது. அந்த வீட்டைப் பற்றிச் சொல்லும்படி கேட்டேன்.

"ஞாபகமே இல்லை, அக்கா. ஒரு நாய் இருந்தது. மற்றது ஒன்றும் வரவில்லை."

அங்கேயே நிறுத்திக்கொண்டேன். "அங்கே யாராவது உன்னைத் தொட்டார்களா, மாமாவா?" என்று அடுத்தடுத்துக் கேட்கத் தூண்டும் இடம் இது. அப்படிக் கேட்டால் விடை என் கேள்வியின் உருவத்தில்தான் வரும். அதன்பின் எது அவளுடைய நினைவு, எது என் ஊகம் என்று யாராலும் பிரிக்க முடியாது. எல்லாரிடமும் கேட்கும் பொதுவான கேள்வியை மட்டும் கேட்டேன்: சிறுவயதில் யாராவது பயப்படும்படியோ வலிக்கும்படியோ நடந்துகொண்டார்களா? "தெரியவில்லை" என்றாள். "இல்லை" என்று சொல்லவில்லை. குறிப்பேட்டில் அவள் சொன்ன சொல்லையே எழுதினேன்.

எட்டு வயது நினைவில்லை என்பதே ஏதோ நடந்ததற்கு அடையாளம் என்று பலர் எண்ணுகிறார்கள். மூன்று, நான்கு வயதுக்கு முந்தைய நினைவு பெரும்பாலானோருக்குத் தேறாது. எட்டு வயதுக்கு அந்த விளக்கம் பொருந்தாது என்பது உண்மைதான். ஆனால் மனச்சோர்வே நினைவை மங்கலாக்கும். ஒரு குறிப்பிட்ட நாளைக் கேட்டால், "எப்போதும் தனியாகத்தான் இருந்தேன்" என்று பொதுவாகத்தான் பதில் வரும். தவிர, வீட்டில் யாரும் திரும்பப் பேசாத காலம் தானாகவே தேய்ந்துபோகும். இந்த இடைவெளிக்குக் காரணங்கள் பல இருக்க முடியும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சிறுவயதில் பதிவான துன்புறுத்தலையும் பெரியவரான பிறகு கேட்டு அறிவதையும் ஒப்பிட்ட ஆய்வுகளின் தொகுப்பு 2019இல் வெளிவந்தது. அன்று துன்புறுத்தல் பதிவானவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பிற்பாடு அதைச் சொல்லவில்லை. பிற்பாடு சொன்னவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அன்றைய பதிவு இல்லை. ஆகவே "நினைவில்லை" என்பதை எந்தப் பக்கத்துக்கும் சாட்சியாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஜூலை 7, திங்கள்

ஜார்ஜ்டவுன் பாரம்பரிய நகர நாள், மாநிலத்துக்கு விடுமுறை. வீட்டில் உட்கார்ந்து காலக்கோடு வரைந்தேன். கட்டங்களை நிரப்புவதற்கு முன் இதைத்தான் எப்போதும் செய்வேன். ஒரு கோட்டில் நோய் வந்த மாதங்கள், அதற்குக் கீழே வாழ்க்கையில் நடந்தவை, அதற்கும் கீழே தூக்கமும் மருந்தும்.

2019: அக்காவுக்குக் கல்யாணமாகி ஈப்போ போகிறாள். ஆறு வாரத்துக்குள் முதல் மனச்சோர்வு. 2022: அறைத் தோழி வேலைக்காகச் சிங்கப்பூர் போகிறாள். இரண்டாவது. 2025 பிப்ரவரியில் தேவி இரவு ஷிப்டுக்கு மாற்றப்படுகிறாள். மார்ச்சில் உடன் தங்கியிருந்த சீனியர் வேறு ஊருக்குப் போகிறார். ஏப்ரலில் மூன்றாவது.

ஒவ்வொரு முறையும் அதே அறையில் தூங்கியவர் போன பிறகுதான் நோய் வந்திருக்கிறது. அவளிடம் "ஏன் வந்தது?" என்று கேட்டபோது பரீட்சை, காதல், சூப்பர்வைசர் என்று வெவ்வேறு காரணம் சொன்னாள்.

மருந்துக் கோடும் பேசுகிறது. 2022இல் மனச்சோர்வு மருந்தான செர்ட்ராலின் 50 மில்லிகிராம் நன்றாக வேலை செய்தது. சற்றுத் தேறியதும், இரண்டாம் மாதத்திலேயே தானாக நிறுத்திவிட்டாள். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு இன்னும் நீண்ட காலம். இதை யாரும் அவளுக்கு விளங்கச் சொன்னதாகத் தெரியவில்லை.

ஜூலை 10, வியாழன்

உடல் பக்கத்தை அவசரமாகக் கடந்துபோகும் பழக்கம் எங்கள் உளவியலாளர்களிடம் உண்டு. மனநல மருத்துவரிடம் பேசி ரத்தப் பரிசோதனை செய்யவைத்தோம். தைராய்டு சரி. ஹீமோகுளோபின் 10.4, இரும்புச் சேமிப்பும் குறைவு, மாதவிடாய் அதிகம். சோகை இந்த மனச்சோர்வை உண்டாக்கவில்லை, ஆனால் "எழுந்திருக்கவே முடியவில்லை" என்று அவள் சொல்வதில் அதற்கும் பங்கு உண்டு.

இளவயதில் தொடங்கித் திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வு, பிற்பாடு, மனச்சோர்வும் மிகை உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனை நோயாக வெளிப்படலாம். குறைவாகத் தூங்கியும் களைப்பே இல்லாமல், வழக்கத்துக்கு மீறிய வேகத்தில் பேசிச் செலவழித்த நாட்கள் உண்டா என்று அவளிடமும், அவள் அனுமதியோடு ஈப்போ அக்காவிடமும் கேட்டேன். இல்லை.

தற்கொலை எண்ணம் பற்றி நேராகவே கேட்டேன். இப்போது "இல்லாமல் போனால் நன்றாயிருக்கும்" என்ற நினைப்பு உண்டு, திட்டம் இல்லை. 2022இல் ஒரு முயற்சி நடந்ததாக முதன்முறையாகச் சொன்னாள். போலீஸ் வரும் என்று பயந்து அப்போது மருத்துவமனையில் மறைத்தாளாம். முயற்சியைக் குற்றமாக்கிய மலேசியத் தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டதை அவளுக்கு விளக்கினேன். அக்காவையும் சேர்த்து அன்றே பாதுகாப்புத் திட்டம் எழுதினோம். மறைத்த ஒரு முயற்சி வெளிவந்தால் ஆபத்து மதிப்பீட்டை முதலிலிருந்து செய்ய வேண்டும், செய்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

பட்டர்வொர்த்திலிருந்து அம்மா வந்தார். தேவியும் உடன் இருந்தாள்.

"அது என் கூடப்பிறந்தவன் வீடு, டாக்டர். அங்கே என்ன நடக்கப்போகிறது? பிள்ளையைச் சோறு தண்ணிக்குக் குறையில்லாமல்தான் பார்த்தார்கள்."

அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவர் அந்த வீட்டில் இருக்கவில்லை. அவருடைய "நடக்கவில்லை" என்பது நம்பிக்கை, கண்டதல்ல.

கைப்பையிலிருந்து தமிழ்ப்பள்ளி மதிப்பெண் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். நெகிழி உறை மஞ்சளாகியிருந்தது. இரண்டாம் ஆண்டில் வகுப்பில் நான்காவது. மூன்றாம் ஆண்டில் இருபத்தெட்டாவது, வராத நாட்கள் ஏராளம், ஆசிரியர் நீல மையில் எழுதியிருந்தார்: "வகுப்பில் பேசுவதே இல்லை. பெற்றோர் கவனிக்கவும்." கையொப்ப இடத்தில் மாமாவின் பெயர்.

அந்த ஆண்டுகளைப் பற்றி அப்போதே எழுதப்பட்ட சான்று இது ஒன்றுதான். அந்தக் குழந்தை அன்று துன்பத்தில் இருந்தது என்று இது காட்டுகிறது. எதனால் என்று காட்டவில்லை. அம்மாவைப் பிரிந்ததே போதுமான காரணமாக இருக்கலாம்.

அந்த வீட்டில் இப்போது சிறுபிள்ளைகள் இருக்கிறார்களா என்றும் கேட்டேன். கடந்தகாலம் தெளிவில்லாவிட்டாலும், இன்று ஒரு குழந்தை ஆபத்தில் இருந்தால் சிறார் சட்டம் 2001இன் கீழ் எங்கள் குழு செய்ய வேண்டியது வேறு. பிள்ளைகள் யாரும் இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

இன்று எழுத உட்கார்ந்தேன். கட்டங்கள் வழக்கமானவைதான்: முன்பே இருந்த பலவீனம், தூண்டியது, நீடிக்கச் செய்வது, காப்பது, ஒவ்வொன்றிலும் உடல், மனம், சமூகம். பன்னிரண்டு கட்டங்களையும் நிரப்பிவிட்டால் ஃபார்முலேஷன் ஆகிவிடாது. அது பட்டியல். ஒன்று மற்றொன்றை எப்படி உண்டாக்குகிறது என்ற வாக்கியம் வேண்டும்.

என் வாக்கியம் இப்படி அமைந்தது. எட்டு வயதில் திடீரென அம்மாவைப் பிரிந்து ஈராண்டு வளர்ந்த தேவி, அருகில் ஒருவர் தூங்கினால்தான் பாதுகாப்பாக உணர்கிறாள். அப்படிப்பட்டவர் விலகும்போது அவளுக்குத் தூக்கம் கெடுகிறது. இந்த முறை இரவு ஷிப்டும் சோகையும் அதைக் கூட்டின. களைத்துப்போய் ஆட்களைத் தவிர்க்கிறாள். யாரும் தேடி வராதபோது "நான் விட்டுவிடப்படுகிறவள்" என்ற பழைய எண்ணம் உறுதியாகிறது. சற்றுத் தேறியதும் மருந்தை நிறுத்துவதால் அடுத்த பிரிவு அவளைக் காப்பின்றிச் சந்திக்கிறது. அக்காவும், தவறாமல் வேலைக்குப் போகும் பிடிவாதமும் அவளைத் தாங்குகின்றன.

இதில் நிரூபிக்கப்படாத நிகழ்ச்சி எதுவும் இல்லை. பிரிவு உறுதியானது, அம்மா, அக்கா, பள்ளிப் புத்தகம் மூன்றும் சொல்கின்றன. "மாமா வீட்டில் ஏதோ" என்பதைப் பலவீனக் கட்டத்தில் எழுதியிருந்தால் அடுத்த மருத்துவர் அதை உண்மையாக வாசிப்பார். மூன்றாவது கோப்பில் அது வரலாறாகிவிடும். அறவே விட்டுவிட்டால், ஒருநாள் அவள் சொல்ல வரும்போது கேட்க யாரும் தயாராக இருக்க மாட்டார்கள். ஆகவே கீழே தனிப் பத்தி, "திறந்திருக்கும் கேள்வி": அவள் சொன்னது, அம்மா சொன்னது, புத்தகம் சொன்னது, தனித்தனியாக.

அதோடு இரண்டாம் ஊகமும். விளக்கைப் போட்டுத்தான் தூங்குகிறாள், தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள், தீபாவளிக்கு மாமா வீட்டுக்குப் போனாலும் இரவு தங்குவதில்லை. பிரிவுதான் மூலம் என்றால் போனவரைப் பற்றிய ஏக்கம் பகலிலும் இருக்க வேண்டும். பழைய அச்சம் என்றால் துன்பம் இரவையும் கதவையும் சுற்றியே இருக்கும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். கெட்ட கனவோ, பழையது கண்முன் மீண்டும் நடப்பது போன்ற அனுபவமோ இல்லை. பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயான பிடிஎஸ்டி என்று பெயரிட இடமில்லை.

ஜூலை 31, வியாழன்

வரைவை தேவியிடம் படித்துக் காட்டினேன். பென்சிலைக் கொடுத்து, ஒப்பாததை அடிக்கச் சொன்னேன். "ஆட்களைத் தவிர்க்கிறாள்" என்பதை அடித்தாள்.

"தவிர்க்கவில்லை, அக்கா. இரவு ஷிப்டில் நான் எழுந்திருக்கும்போது எல்லாரும் தூங்கப் போயிருப்பார்கள்."

அவள் சொன்னதே சரி. மனக் கட்டத்தில் இருந்ததைச் சமூகக் கட்டத்துக்கு மாற்றினேன். அதனால் சிகிச்சையின் வரிசையும் மாறியது. முதலில் மருத்துவர் கடிதத்துடன் பகல் ஷிப்ட், இரும்பு மாத்திரை, மீண்டும் செர்ட்ராலின், இந்த முறை நிறுத்தும் தேதியை மருத்துவரோடு சேர்ந்து முடிவு செய்வது. பிறகு வாரம் இருமுறை அக்காவுடன் பேச்சு, ஞாயிறு கோவில் போன்ற நிலையான நிகழ்ச்சிகள். நினைவைத் தோண்டும் வேலை எதுவும் இல்லை.

மாமா வீட்டுப் பத்தியையும் படித்தாள். "இது இப்படியே இருக்கட்டும்" என்றாள்.

மறுபார்வை செப்டம்பர் இறுதியில். அதுவரை தூக்கக் குறிப்பேட்டில் துன்பம் வரும் நேரத்தைக் குறித்துவருவாள். பகல் ஷிப்ட் கிடைத்து, சோகை தேறி, அக்காவின் அருகாமையும் இருந்து, இரவு பயம் மட்டும் அப்படியே நின்றால் என் முதல் ஊகம் போதாது. இரண்டாவதை மேலே கொண்டுவந்து ஃபார்முலேஷனைத் திருத்தி எழுத வேண்டும்.